பதினாறு பைட் சாவி

ராசிபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வகுப்பையெல்லாம் கேமராவுல பதிஞ்சு வெச்சிருக்கேன். வராத பிள்ளைங்க வீட்டுலயே பார்த்துக்கட்டும்னு லிங்க் அனுப்பினேன். பாதிப் பேருக்குச் சுத்திக்கிட்டே நிக்குதுங்கிறாங்க. பணம் கட்டாத பிள்ளைங்க வாட்ஸ்ஆப் குரூப்புல அதே லிங்க் ஓடிக்கிட்டிருக்கு" என்றார்.

இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான். கேமராவிலிருந்து எடுத்த கோப்பை அவர் அப்படியே ஏற்றியிருந்தார். ஒன்றரை மணி நேரப் பாடம், நொடிக்கு 12 மெகாபிட் வீதம் பதிவானது, சுமார் 8 ஜிபி. நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா போட்டிருக்கும் பிள்ளை அதை எப்படிப் பார்க்கும்? அந்த லிங்க்கும் பூட்டில்லாத கதவு. யார் தட்டினாலும் திறக்கும்.

முதல் வேலை டிரான்ஸ்கோடிங். ஒரே பாடத்தை வெவ்வேறு அளவுகளில் மறுபடியும் சுருக்கி எழுதி வைப்பது. ffmpeg என்ற இலவச மென்பொருள் இதைச் செய்துவிடும். எந்தெந்த அளவில் சுருக்குவது என்பதில்தான் யோசனை வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அளவுப் பட்டியல்கள் பெரும்பாலும் சினிமாவையும் கிரிக்கெட்டையும் மனதில் வைத்துப் போட்டவை. அவற்றில் கடைசிப் படி 240 வரிகள் கொண்ட படம். ஓடும் பந்துக்கு அது போதும். கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டுக்குப் போதாது. அடுக்குக்குறி 2-ஆ 3-ஆ என்றே தெரியாது.

பலகைப் பாடத்தில் அசைவு குறைவு. ஆசிரியரின் கை நகரும், உதடு நகரும், அவ்வளவுதான். ஆகவே கடைசிப் படியில் வரிகளைக் குறைக்காமல் வேகத்தைக் குறைத்தோம். 360 வரிகளை வைத்துக்கொண்டு, நொடிக்கு 25 படத்துக்குப் பதில் 10 படம். கை கொஞ்சம் தாவித் தாவி நகர்வது போலத் தெரியும். எழுத்து படிக்கும்படி நிற்கும். ஒலியை எல்லாப் படியிலும் 64 கிலோபிட்டில் ஒன்றுபோலவே வைத்தோம். படம் மங்கினால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், குரல் உடைந்தால் பாடமே போய்விடும். இப்படிச் செய்ததில் அதே ஒன்றரை மணிப் பாடம் கடைசிப் படியில் சுமார் 180 எம்பி, நடுப் படியில் 380 எம்பி என்று ஆனது.

அடுத்தது, இணைய வேகத்துக்கு ஏற்ப இந்தப் படிகளில் ஏறி இறங்குவது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் பாடம் ஒரே கோப்பாக இருக்காது. ஆறாறு நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கும். போனுக்கு முதலில் போவது ஒரு சிறு பட்டியல்:

```
#EXTM3U
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=330000,RESOLUTION=640x360
360.m3u8
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=750000,RESOLUTION=854x480
480.m3u8
```

எந்தப் படிக்கு நொடிக்கு எத்தனை பிட் வேண்டும் என்பதை இது சொல்கிறது. நடுப் படியின் ஒரு துண்டு ஏறக்குறைய 420 கேபி. அது இரண்டு நொடியில் வந்து சேர்ந்தால் கவலையில்லை. ஆறு நொடி ஓட வேண்டிய துண்டு வந்து சேரவே ஐந்து நொடி ஆனால், அடுத்த துண்டைக் கீழ்ப் படியிலிருந்து எடுத்துக்கொள்ளப் போன் தானாகவே முடிவு செய்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்த பிள்ளை மொட்டை மாடிக்குப் போனதும் படம் தெளிவாவது இப்படித்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம், நடுவிலெல்லாம் மாறிய பகுதி மட்டும். ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது புதிய துண்டு முழுப் படத்தில் தொடங்கியாக வேண்டும், அதுவும் எல்லாப் படிகளிலும் ஒரே நொடியில். நாங்கள் இரண்டு நொடிக்கு ஒரு முழுப் படம் என்று கட்டாயப்படுத்தினோம். 25 படம் ஓடும் படிக்கு `-g 50`, 10 படம் ஓடும் படிக்கு `-g 20`. இடையில் மென்பொருள் தன்னிஷ்டத்துக்கு முழுப் படம் போடாமலிருக்க `-sc_threshold 0`. இதை விட்டுவிட்டால் வைஃபையில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நெட் ஏறி இறங்கும் இடத்தில்தான் படம் துள்ளும், சில நொடிகள் திரும்ப வரும். ஆகவே அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் போதாது. ஓடும் பஸ்ஸில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

பட்டியலில் எழுதும் எண்ணும் நேர்மையாக இருக்க வேண்டும். `BANDWIDTH` என்பது சராசரி அல்ல, உச்சம். 750000 வேண்டிய படிக்கு 500000 என்று எழுதிவிட்டால் போன் அதை நம்பி மேல் படியைத் தேர்ந்தெடுத்து, நடுவில் திணறும்.

இனி பூட்டு. எச்.எல்.எஸ். துண்டுகள் ஒவ்வொன்றையும் ஏ.இ.எஸ்.-128 முறையில் பூட்டி வைக்கலாம். பூட்டிய துண்டுகள் எங்கே கிடந்தாலும், யார் எடுத்தாலும் பயனில்லை. திறக்கும் சாவி வெறும் 16 பைட். அதன் முகவரி துண்டுப் பட்டியலில் இருக்கும். போன் அந்த முகவரிக்குப் போய்க் கேட்கும்போது, இந்தப் பிள்ளை உள்நுழைந்திருக்கிறதா, இந்த மாதக் கட்டணம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சர்வர் சாவியைத் தர வேண்டும். பாடத்துக்குப் பாடம் சாவி வேறாக இருந்தால், ஒன்று கசிந்தாலும் மற்றவை தப்பும்.

இங்கேதான் ஆசிரியர் ஒருமுறை ஏமாந்தார். வலைத்தளம் செய்து கொடுத்தவர்கள் பாடம் காட்டும் பக்கத்துக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு, சாவியைத் திறந்த இடத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார், சாவிக்கொத்து திண்ணையில் கிடக்கிறது. பட்டியலின் முகவரி தெரிந்த எவரும் பாடத்தை முழுதாகப் பார்க்கலாம். பார்ப்பதற்குப் பூட்டு இருப்பது போலவே தெரிந்ததால் இரண்டு மாதம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சாவியைச் சரியாகக் காத்தாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டணம் கட்டிய பிள்ளையின் பிரவுசருக்குள் சாவி வந்துதான் தீரும். விவரம் தெரிந்தவர் அதை எடுத்துவிடலாம். வைட்வைன், ஃபேர்பிளே போன்ற டி.ஆர்.எம். முறைகள் அதையும் தடுக்கும், பல போன்களில் திரைப் பதிவையும் தடுக்கும். அதற்குத் தனிச் செலவு. இன்னொரு போனை வைத்துத் திரையைப் படம் எடுப்பதை எதுவும் தடுக்காது. அதற்கு மாணவரின் அடையாளத்தைப் படத்தின் மேல் இடம் மாற்றி மாற்றிக் காட்டுவது ஓரளவு உதவும். சிலர் அங்கே முழுப் போன் நம்பரையே ஓடவிடுகிறார்கள். அது தவறு. ஒரு பெண் பிள்ளையின் நம்பர் ஊரெல்லாம் சுற்றுவதற்கு நாமே வழி செய்யக் கூடாது. டியூஷனில் கொடுத்த வரிசை எண் போதும். அது யாருடையது என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

பாடங்களை இப்படி இணையத்தில் ஏற்றியிருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தளத்தைச் செய்து கொடுத்தவரிடம் சாவியின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னல் ஒன்றைத் திறந்து, உள்நுழையாமல் அந்த முகவரியைப் போடுங்கள். 401 அல்லது 403 என்று வந்தால் காவல் இருக்கிறது. 16 பைட் கோப்பு ஒன்று இறங்கினால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். எல்லாப் பாடங்களுக்கும் சாவியையும் மாற்றச் சொல்லுங்கள்.