டெலி, மைக்ரோ, ஆட்டோ: அறிவியல் சொற்களின் முன்பாதியைப் படிப்பது எப்படி?

1611 ஏப்ரல் 14 அன்று ரோம் நகரில் ஃபெடெரிகோ செசி என்ற இளம் பிரபு கலீலியோவுக்கு ஒரு விருந்து வைத்தார். வியாழன் கோளைச் சுற்றும் நான்கு நிலவுகளை முந்தைய ஆண்டுதான் கலீலியோ கண்டறிந்திருந்தார். அவர் கொண்டுவந்த குழாயைப் பார்க்க அறிஞர்கள் கூடியிருந்தார்கள். அந்தக் கருவிக்கு அதுவரை நிலையான பெயர் கிடையாது. லத்தீனில் எழுதும்போது கலீலியோ அதைப் ‘பெர்ஸ்பிசில்லம்’ என்று குறிப்பிட்டுவந்தார். விருந்துக்கு வந்திருந்த ஜியோவானி டெமிசியானி கிரேக்கர். தொலைவில் என்று பொருள்படும் ‘டெலெ’, பார்த்தல் என்று பொருள்படும் ‘ஸ்கோபெய்ன்’ என்ற தம் மொழிச் சொற்கள் இரண்டையும் சேர்த்து அந்தக் கருவிக்குப் பெயர் கொடுத்தார். டெலஸ்கோப் என்ற சொல் இப்படித்தான் வந்தது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, சிறிய பொருளைப் பெரிதாகக் காட்டும் கலீலியோவின் இன்னொரு கருவிக்கும் பெயர் தேவைப்பட்டது. செசி நிறுவிய அறிஞர் கழகத்தின் உறுப்பினரான ஜியோவானி ஃபேபர், டெலஸ்கோப் என்ற பெயரையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். பின்பாதியைத் தொடவில்லை. முன்பாதியை மட்டும் மாற்றி, சிறிய என்று பொருள்படும் ‘மைக்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்தார். 1625-இல் மைக்ரோஸ்கோப் பிறந்தது.

இந்த இரண்டு பெயர்களுக்குள்ளேயே ஆங்கில அறிவியல் சொற்களில் பெரும்பகுதியின் கட்டுமானம் இருக்கிறது. பின்பாதி செயலைச் சொல்கிறது. முன்பாதி அந்தச் செயல் எதை நோக்கியது, எப்படி நடக்கிறது என்று சொல்கிறது. முன்னொட்டுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்கோப் என்றால் பார்ப்பது, ஃபோன் என்றால் குரல் அல்லது ஒலி, கிராஃப் என்றால் எழுதுவது, மீட்டர் என்றால் அளவு. இந்த நான்கையும் தெரிந்துகொண்டு டெலி, மைக்ரோ, ஆட்டோ ஆகிய மூன்றையும் முன்னால் வைத்துப் பார்த்தாலே ஒரு டஜன் சொற்கள் பிடிபட்டுவிடும்.

ஆனால் இரண்டு பாதிகளும் எந்த உறவில் சேர்கின்றன என்பது சொல்லுக்குச் சொல் மாறும். டெலஸ்கோப்பில் தொலைவில் இருப்பது பார்க்கப்படும் பொருள். டெலிஃபோனில் குரல் தொலைவுக்குப் போகிறது. மைக்ரோஸ்கோப் சிறிய கருவி அல்ல. சிறியதைப் பார்க்கும் கருவி. நவீன எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், அதற்கும் அதே பெயர்தான். மைக்ரோஃபோன் மெல்லிய ஒலியையும் கேட்கவைப்பது என்ற பொருளில் வந்தது. ஆட்டோகிராஃப் என்பதில் ‘ஆட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல் ‘தானே’ என்ற பொருள் தருகிறது. தானே, தன் கையால் எழுதியது. பிணக்கூறாய்வைக் குறிக்கும் ஆட்டாப்சி என்ற சொல்லிலும் அதே ஆட்டோதான் இருக்கிறது. அங்கே ‘தானே’ என்பது இறந்தவரைக் குறிப்பதில்லை. மருத்துவர் பிறர் சொல்வதை நம்பாமல் தன் கண்ணாலேயே பார்க்கிறார் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

தமிழ் மாணவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் கலைச்சொல்லாக்கமும் பல இடங்களில் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. தொலைநோக்கி, தொலைபேசி, தொலைக்காட்சி என்பவற்றில் தொலை. நுண்ணோக்கி, நுண்ணுயிரி, நுண்ணலை என்பவற்றில் நுண். தானியங்கி என்பதில் தான். தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே ஆங்கிலச் சொல்லின் மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றில் அதிகம் குழப்புவது மைக்ரோ. அது இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, சிறிய என்ற பழைய கிரேக்கப் பொருள். மற்றொன்று, பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற துல்லியமான அளவு. இரண்டாவது பொருள் கிரேக்கர் அறியாதது. 1873-இல் பிரிட்டனின் அறிவியலாளர் சங்கம் அலகுகளுக்கு முன்னால் வைக்க இதைத் தேர்ந்தெடுத்த பிறகு நிலைபெற்றது. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் கம்பியின் தடிமனை அளக்கப் பயன்படும் திருகு அளவியை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆங்கிலத்தில் மைக்ரோமீட்டர் என்றும் பெயர். அங்கே மைக்ரோ என்பது சிறியது என்ற பழைய பொருளில் வருகிறது: சிறியதை அளப்பது. மைக்ரோமீட்டர் என்று ஓர் அலகும் இருக்கிறது. அது மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வழக்கமான பள்ளித் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரோமீட்டர். பள்ளியில் இருக்கும் அந்த மைக்ரோமீட்டர் கருவியால் ஒரு மைக்ரோமீட்டரை அளக்க முடியாது என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மைக்ரோவேவ் அடுப்பில் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று மட்டும் படித்த மாணவர், அடுப்புக்குள் இருக்கும் அலையின் நீளம் மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும் என்று எழுதிவிடுவார். சரிபார்ப்பது எளிது. வீட்டு அடுப்பின் அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது, அதைத்தான் 2.45 கிகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர். முப்பதை 245-ஆல் வகுத்தால் 0.122. ஆக, ஓர் அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஏறக்குறைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உண்மையிலேயே ஒரு மைக்ரோமீட்டர் நீளமுள்ள அலை அகச்சிவப்புக் கதிர் ஆகிவிடும். அப்படியானால் ஏன் மைக்ரோ? பெயர் வைத்தவர்கள் அதை வானொலி அலைகளோடு ஒப்பிட்டார்கள். வானொலியின் மீடியம் வேவ் அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. அதன் பக்கத்தில் வைத்தால் 12 சென்டிமீட்டர் சிறியதுதான்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. மைக்ரோவுக்குப் பின்னால் கிராம், மீட்டர், வினாடி, ஆம்பியர் போன்ற அலகு வந்தால் அது எண். வேறு எது வந்தாலும் அது வெறும் ‘சிறிய’. திருகு அளவியின் பெயர் மட்டும் இந்த விதிக்கு அடங்காதது, ஏனெனில் அங்கே மீட்டர் என்பது அலகு அல்ல, அளப்பான்.

எண்ணாக வரும்போது அதைத் தவறாகப் படிப்பது உயிரோடு விளையாடும் செயல். தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் மாத்திரைகள் 25, 50, 100 என்று மைக்ரோகிராம் கணக்கில் வருகின்றன. 100 மைக்ரோகிராம் என்பது 0.1 மில்லிகிராம். மைக்ரோவுக்கு உரிய குறியீடு மியூ என்ற கிரேக்க எழுத்து. அவசரமாகக் கையால் எழுதினால் அது ஆங்கில எம் போலத் தெரியும். அப்படிப் படித்துவிட்டால் மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு ஆகிவிடுகிறது. அதனால்தான் மருந்துச் சீட்டில் மியூவை எழுதாமல் எம்.சி.ஜி. என்று எழுதும்படி மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள். வீட்டில் தைராய்டு மாத்திரை இருந்தால் அட்டையில் அந்த மூன்று எழுத்துகளைப் பார்க்கலாம்.

ஆட்டோவுக்கு வருவோம். மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் கலனுக்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். முன்பாதி கிரேக்கம், பின்பாதி சாவி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தானே பூட்டிக்கொள்வது என்று பொருள். உள்ளே சேரும் நீராவியின் அழுத்தமே மூடியை இறுக்கிப் பிடிக்கும் என்பதிலிருந்து எழுந்த பெயர் அது. மூடியை உள்ளே நுழைத்துப் பொருத்தும் வகைக் குக்கரில் இந்தச் செயலை நேரில் பார்க்கலாம். அழுத்தம் இறங்கும்வரை மூடி அசையாது. வழக்கமாக ஆட்டோகிளேவில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில், 121 டிகிரி செல்சியஸில், குறைந்தது 15 நிமிடம் கருவிகளை வைக்கிறார்கள். டெலிவிஷனும் இதுபோல டெலி என்ற கிரேக்கமும் விஷன் என்ற லத்தீனும் கலந்தது. 1900-இல் பாரிஸில் நடந்த மாநாட்டில் கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி என்ற ரஷ்யர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஜான் லோகி பெயர்ட் லண்டனில் இயங்கும் டெலிவிஷனைச் செய்துகாட்டியது 1926-இல்தான். கருவிக்கு முன்பே பெயர் வந்துவிட்டது.

முன்னொட்டுகள் வழக்கில் தேயவும் செய்கின்றன. ஆட்டோமொபைல் என்றால் தானே நகர்வது. மக்கள் அதைச் சுருக்கி ஆட்டோ என்றார்கள். அதிலிருந்து ஆட்டோ என்பதற்கு மோட்டார் வண்டி என்ற புதுப் பொருள் ஏற்பட்டது. நம் தெருக்களில் ஓடும் ஆட்டோரிக்‌ஷாவில் இருப்பது இந்த இரண்டாவது ஆட்டோ. ரிக்‌ஷா என்பது ஜின்ரிகிஷா என்ற ஜப்பானியச் சொல்லின் சுருக்கம். ஜின் மனிதன், ரிகி ஆற்றல், ஷா வண்டி. மனிதன் இழுத்த வண்டியின் பெயரில் மனிதனைக் குறிக்கும் அசை முதலில் உதிர்ந்தது. அந்த இடத்தில் பிறகு மோட்டாரைக் குறிக்கும் ஆட்டோ வந்து அமர்ந்தது. டெலியும் இப்படித்தான். டெலிமெடிசின் என்றால் தொலைவிலிருந்து மருத்துவம். டெலிப்ராம்ப்டர் என்றால் தொலைவு எதுவும் இல்லை. டெலிவிஷனில் பேசுபவருக்கு வரிகளை எடுத்துக்கொடுக்கும் கருவி. ஆகவே நவீனச் சொல்லைப் பார்த்ததும், இது கிரேக்க டெலியா, டெலிவிஷனிலிருந்து வெட்டி எடுத்த டெலியா என்று கேட்க வேண்டும்.

இன்னொரு வகைச் சொற்கள் தோற்றத்தால் ஏமாற்றும். கெண்டை, கெளுத்தி, வஞ்சிரம் போன்ற எலும்பு மீன்களை விலங்கியலில் டெலியாஸ்ட் என்கிறார்கள். தொலைவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. நிறைவு பெற்றது என்ற பொருளுடைய ‘டெலெயோஸ்’ என்ற வேறொரு கிரேக்கச் சொல்லும், எலும்பைக் குறிக்கும் ‘ஆஸ்டெயோன்’ என்ற சொல்லும் சேர்ந்தது அது. குரோமோசோமின் நுனியான டெலோமியரில் இருப்பது முடிவு என்று பொருள்படும் ‘டெலோஸ்’. இலையுதிர் காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஆட்டோவைப் போலத்தான் எழுத்தில் தொடங்குகிறது, அதுவோ லத்தீன்.

அறியாத சொல் ஒன்றை இந்த முறையில் பிரித்துப் பார்ப்போம். பாடப்புத்தகத்தில் ஆட்டோட்ராஃப் என்று வருகிறது. முதலில் பின்பாதி: ட்ராஃப் என்பது உணவூட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். முன்பாதி ஆட்டோ. இங்கே வண்டிக்கு வேலையில்லை, ஆகவே ‘தானே’. உறவு என்ன? தன்னையே உண்பதா, தானே உணவு ஆக்கிக்கொள்வதா? இந்த இடத்தில் சொல் மட்டும் போதாது, பாடத்தின் வரியைப் பார்க்க வேண்டும். ஒளிச்சேர்க்கை பற்றிப் பேசுவதால் இரண்டாவதே சரி. பச்சைத் தாவரங்கள் ஆட்டோட்ராஃப்கள்.

ஊகித்ததைச் சரிபார்க்க, மாணவர்கள் ஒரு நல்ல ஆங்கில அகராதியில் சொல்லின் பிறப்பைச் சொல்லும் அடைப்புக்குறிப் பகுதியைத் திறந்து படிக்க வேண்டும். சொல் கிரேக்கமா, லத்தீனா, இரண்டும் கலந்ததா என்று அங்கே ஒரே வரியில் எழுதியிருக்கும். பொருளைப் படிப்பதற்கு முன்னால் அந்த வரியைப் படியுங்கள்.