உத்தரவின் பெயரா, விளைவா?

ஒரு அதிகாரியின் உத்தரவால் உங்கள் உரிமமோ வேலையோ பறிபோகிறது. "என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி முடிவெடுத்தார்கள்?" என்று நீதிமன்றத்துக்குப் போகிறீர்கள். 1950-களில் என்றால், நீதிமன்றம் முதலில் இன்னொரு கேள்வியைக் கேட்டிருக்கும்: அந்த அதிகாரி செய்தது நிர்வாகச் செயலா, அரை நீதித்துறைச் செயலா? அரை நீதித்துறைச் செயல் என்றால் இயற்கை நீதியின் இரண்டு விதிகளும் பொருந்தும். பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும். தன் நலன் கலந்த விஷயத்தில் ஒருவர் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெறும் நிர்வாகச் செயல் என்றால் இவை எதுவும் கட்டாயமில்லை.

இந்தப் பாகுபாடு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை இலங்கையிலிருந்து போன நக்குடா அலி வழக்கு காட்டியது. அங்கே ஜவுளிக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒரு துணி வியாபாரியின் உரிமத்தை ரத்து செய்தார். வியாபாரி தொழில் நடத்தத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ரத்து செய்யலாம் என்பது விதி. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. உரிமத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்த சலுகையை எடுத்துக்கொள்வதுதான், யாருடைய உரிமையையும் தீர்ப்பதல்ல, ஆகவே அதிகாரி நீதிபதியைப் போல நடந்துகொள்ளும் கடமை இல்லை என்று 1950-இல் முடிவானது. நீதிபதியைப் போல நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. அப்படி எழுதியிருக்கிறதா என்று தேடிய நீதிமன்றங்கள், குடிமகனின் பிழைப்பு பறிபோவதைக் கவனிக்கத் தவறின.

1963-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதைத் திருத்தியது. பிரைட்டன் நகரக் காவல்துறைத் தலைவர் ரிட்ஜ், குற்ற வழக்கில் விடுதலையான பிறகும், விளக்கம் கேட்கப்படாமலே பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றானது. ஒருவரின் உரிமையைப் பாதிக்கும் அதிகாரம் இருந்தாலே நியாயமாக நடக்கும் கடமையும் அதிலிருந்தே பிறந்துவிடுகிறது என்றார் ரீட் பிரபு.

இந்தியாவில் இந்தச் சுவரை ஆட்டம் காணச் செய்தது 1969-இல் வந்த கிரைபக் வழக்கு. புதிதாக உருவான இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீர் வனத்துறையிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைந்தது. மாநிலத்தின் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் அதில் உறுப்பினர். அவரே ஒரு விண்ணப்பதாரரும்கூட. தன் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் விலகி நின்றார். ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது கலந்துகொண்டார். தகுதி வரிசைப் பட்டியலைத் தயாரித்தபோதும் இருந்தார். முடிவில் பட்டியலின் முதல் பெயர் அவருடையது. பணிமூப்பில் அவரோடு தகராறு இருந்த அதிகாரியின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

இது தேர்வு, அதாவது நிர்வாக வேலை. குழு பரிந்துரைக்கத்தான் செய்தது, இறுதி முடிவு வேறிடத்தில் என்று அரசு வாதிட்டது. அவர் தங்களை வற்புறுத்தவில்லை என்றும் சொல்லப்பட்டது. நீதிபதி கே.எஸ். ஹெக்டே எழுதிய தீர்ப்பு இவற்றை ஏற்கவில்லை. குழுவில் ஒருவரின் செல்வாக்கு மற்றவர்கள் மீது எவ்வளவு பட்டது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே பாரபட்சத்துக்கு நியாயமான வாய்ப்பு இருந்ததா என்று பார்த்தாலே போதும். இரண்டு வகைச் செயல்களுக்கும் இடையிலான கோடு மெல்லியது, அழிந்துகொண்டே வருகிறது என்றது நீதிமன்றம். நியாயமான முடிவே இரண்டின் நோக்கமும் என்றால், ஒன்றுக்கு மட்டும் நியாய விதிகளை விலக்குவதற்குக் காரணம் இல்லை. தேர்வு ரத்தானது.

கோடு அழிந்ததால் எல்லா உத்தரவுக்கும் முழு விசாரணை உண்டு என்று பொருளல்ல. வேலைக்குத் தேர்வாகாத ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்குழு நடுநிலையாக இருந்தால் போதும். வேலையிலிருந்து ஒருவரை நீக்குவதென்றால் குற்றச்சாட்டு, ஆதாரம், பதிலளிக்க அவகாசம் எல்லாம் வேண்டும். விசாரிக்காமல் விட்டதால் உண்மையில் பாதிப்பு ஏற்பட்டதா என்றும் இப்போது நீதிமன்றங்கள் பார்க்கின்றன. மறுக்க எதுவும் இல்லாதவருக்கு, நோட்டீஸ் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் வெற்றி கிடைத்துவிடாது.

2023-இல் வங்கிக் கணக்குகளை 'மோசடி' என்று முத்திரை குத்துவது பற்றிய வழக்கிலும் இதே பார்வைதான். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் கடனாளியைக் கேட்பது பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் முத்திரை விழுந்தால் மேற்கொண்டு கடன் வாங்கும் வழி அடைபடும், பெயரும் கெடும். ஆகவே நோட்டீஸ் கொடுத்து, தணிக்கை அறிக்கையின் முடிவுகளுக்குப் பதில் சொல்ல விட்டு, காரணம் காட்டும் உத்தரவு போட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இப்படி ஒரு உத்தரவு கைக்கு வந்தால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். குற்றச்சாட்டு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டதா? நம்பிய ஆவணங்கள் கொடுக்கப்பட்டனவா? பதில் சொல்லப் போதிய நாட்கள் கிடைத்தனவா? நீங்கள் சொன்ன பதிலை உத்தரவு எதிர்கொள்கிறதா? இவற்றில் இல்லாமல் போனது எது, அதனால் நீங்கள் இழந்தது என்ன என்று காட்ட முடிந்தால், "இது நிர்வாக உத்தரவுதான்" என்ற பதிலோடு நீதிமன்றம் உங்களைத் திருப்பி அனுப்பிவிடாது.