35 கிலோவாட்டில் இருபது கார்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இண்டக்‌ஷன் உலை நடத்துபவர்கள் மின்சாரத்தை இரண்டு கணக்காகப் பார்த்துப் பழகியவர்கள். மாதம் முழுக்க எத்தனை யூனிட் ஓடியது என்பது ஒரு கணக்கு. ஒரே சமயத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தோம் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதைத்தான் அவர்கள் ‘டிமாண்ட்’ என்கிறார்கள். 2008 நவம்பரில் தமிழகத்தில் மின்கட்டுப்பாடு வந்து 2015 வரை நீடித்தபோது, உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு இந்த டிமாண்டின் மேல்தான் முதல் வெட்டு விழுந்தது. மாலை உச்ச நேரத்தில் உலையை இறக்கி வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் உருக்கத் தொடங்கும் பழக்கம் அப்போதுதான் வேரூன்றியது. அதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எழும் அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட்டில் மின்கார் சார்ஜர்கள் வரும்போது, குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பெரிய டிரான்ஸ்ஃபார்மர். டிமாண்டைக் கணக்குப் பார்த்துக் காரை இரவுக்குள் பரப்பிவிட்டால், பல கட்டடங்களில் அந்தக் கேள்வியைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கலாம் என்பதே என் வாதம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்பட்ட மின்பளுவைக் கூட்டினால் அது கட்டடத்துக்கு வரும் மொத்த இணைப்பைவிட அதிகமாகவே இருக்கும். எல்லா வீட்டிலும் கீசரும் ஏசியும் கிரைண்டரும் ஒரே நிமிடத்தில் ஓடாது என்று நம்பித்தான் கேபிளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை மின்கார் உடைக்கிறது. கீசர் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். கார் 7 கிலோவாட்டை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். சொந்தமாக வீட்டு மீட்டரிலிருந்தே கேபிள் இறக்கிக்கொள்வது சட்டப்படி சரிதான். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதலே சொன்னது. ஆனால் அப்படி ஆளுக்கொரு கேபிள் இறங்கும்போது எந்த வீடும் தன் வரம்பை மீறாமலே மொத்தக் கட்டடமும் வரம்பை மீறிவிடும். இது நேர்ந்திருப்பதை ஒரு அடையாளத்தால் கண்டுபிடிக்கலாம். ஷார்ட் சர்க்யூட் என்றால் மெயின் பிரேக்கர் உடனே விழும். அதிகப் பளு என்றால் உள்ளிருக்கும் உலோகப் பட்டை மெல்லச் சூடேறி, முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து, எல்லோரும் தூங்கிய பின் விழும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 வீடுகள், 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இருபது கார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதத்தைக் கைவைக்காமல் விட்டால் மிஞ்சுவது 225. மே மாதத்தில் வீடுகளின் உச்சம் மாலை ஏழு மணிக்கு வருவதில்லை. எல்லாப் படுக்கையறை ஏசியும் ஓடும் பத்து, பதினொரு மணிக்கு வரும். அது 190 என்றால் கார்களுக்குக் கிடைப்பது 35 கிலோவாட். (கேவிஏவுக்கும் கிலோவாட்டுக்கும் உள்ள சிறு வேறுபாட்டை இங்கே விட்டுவிடலாம்.) இருபது 7.4 கிலோவாட் சார்ஜர்கள் ஒன்றாக ஓடினால் 148 ஆகும். 2019இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாச் சார்ஜர்களும் ஒரே நேரத்தில் ஓடுவதாகக் கொண்டு 1.25ஆல் பெருக்கச் சொல்கின்றன. அதன்படி 185 கிலோவாட் வேண்டும். புதுக் கட்டடத்துக்கு அது முன்யோசனை. பழைய கட்டடத்துக்கு மலைப்பு. இனி யூனிட் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடும் காருக்கு, சார்ஜ் செய்வதில் போகும் இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய ஏழு யூனிட் போதும். இருபது காருக்கு 140. வருடத்தின் மிக நெருக்கடியான இரவில் கிடைக்கும் அந்த 35 கிலோவாட்டே நான்கு மணி நேரத்தில் இதைக் கொடுத்துவிடும். இரவு பத்து மணி நேரம் நீளமானது.

இதை நடத்துவதற்கான கருவி எளிமையானது. கட்டடத்துக்குள் நுழையும் மூன்று ஃபேஸ் கேபிளிலும் சிடி காயில் மாட்டி, ஓடும் மின்னோட்டத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இடைவிடாமல் அளக்கிறது. வீடுகள் விட்டுவைக்கும் இடத்தை அது சார்ஜர்களுக்குப் பங்கிடுகிறது. காருக்கும் சார்ஜருக்கும் இடையே உள்ள கேபிளில், மின்சாரம் தவிர, நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் ஒரு சிறு சைகையும் ஓடுகிறது. அந்தத் துடிப்பின் அகலம் பத்து சதவீதம் என்றால் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்காதே என்று பொருள். 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர். அகலம் குறைந்தால் கார் ஐந்து நொடிக்குள் அடங்க வேண்டும். ஆனால் 6 ஆம்பியருக்குக் கீழே பேச்சில்லை, நிறுத்தத்தான் முடியும். அதனால் எல்லாக் காருக்கும் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது நல்ல யோசனையில்லை. சார்ஜ் ஏறும்போது காரின் உள் மின்னணுக் கருவிகளே சில நூறு வாட் தின்னும், 1.4 கிலோவாட்டில் அது பெரிய பங்கு. ஒன்பது காருக்கு 16 ஆம்பியர் கொடுத்து, அவை நிரம்பியதும் அடுத்த ஒன்பதுக்கு மாறுவது மேல். ஒரு சுற்று இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். பதினொரு மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்குள் இருபதும் தயார்.

ஒன்பது என்ற எண்ணில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 35 கிலோவாட் என்பது ஃபேஸுக்கு ஏறக்குறைய 50 ஆம்பியர்; அதில் 16 ஆம்பியர் கார் மூன்றுதான் அடங்கும். எலக்ட்ரீஷியன் எல்லாச் சார்ஜரையும் ஒரே வரிசையில் இணைத்திருந்தால், ஒற்றை ஃபேஸ் கார்கள் அனைத்தும் ஆர் ஃபேஸிலேயே உட்கார்ந்துவிடும். ஒன்பது மூன்றாகிவிடும். முதல் சார்ஜர் ஆர், அடுத்தது ஒய், அதற்கடுத்தது பி என்று மாற்றி மாற்றி இணைக்க வேண்டும். பெட்டியும் மொத்தத்தைப் பாராமல் ஃபேஸ் ஃபேஸாகப் பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத இன்னொரு தருணம், போன கரண்ட் திரும்ப வரும் நிமிடம். ஏசிகளும் சார்ஜர்களும் ஒன்றாக எழுந்தால் பிரேக்கர் மறுபடி விழும். பிரிட்டனில் 2021இல் இயற்றிய விதிகள், சார்ஜர் ஒவ்வொன்றும் பத்து நிமிடம் வரை ஆளுக்கொரு தாமதத்தோடு தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்கின்றன. மின்வெட்டு நமக்குத்தான் அதிகம். அந்த ஏற்பாட்டை நாம் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியோடு தொடர்பு அறுந்தால் சார்ஜர் முழு வேகத்துக்குப் போகாமல் குறைந்த அளவுக்கு இறங்குகிறதா என்பதையும், பணம் கொடுக்குமுன் கம்பியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

‘என் காருக்கு ஏன் குறைவு?’ என்ற ஆட்சேபம் நியாயமானது. எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது இதற்கு விடையாகாது, ஏனென்றால் தேவை சமமாக இல்லை. தேர்வாய்க்கண்டிகையில் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்ப வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவரின் கார் பகல் முழுக்க நிற்கும், அப்போது கட்டடத்தில் பளுவும் குறைவு. எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன் என்று மட்டும் ஒவ்வொருவரும் சொன்னால், முந்திக் கிளம்பும் காருக்கு முந்திக் கொடுக்கலாம். இதைவிடக் கடினமான ஆட்சேபம் 15 ஆம்பியர் பிளக்கில் சொருகும் கையடக்க சார்ஜர்களைப் பற்றியது. அவை இந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்காது. கான்டாக்டர் வைத்து அணைத்துப் போடலாம், அளவைக் குறைக்க முடியாது. ஸ்கூட்டர்களும் அப்படித்தான். அவற்றுக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒதுக்காத சங்கத்தில் இந்தத் திட்டம் தோற்கும்.

எல்லை எங்கே என்பதும் இதே கணக்கில் தெரியும். பத்து மணி நேரம், 35 கிலோவாட், காருக்கு ஏழு யூனிட் என்றால் தாளில் ஐம்பது கார். சுற்று மாற்றும் இடைவெளியும் நீண்ட பயணம் போய் வெறும் பேட்டரியோடு வரும் கார்களும் சேர்ந்தால் நாற்பதிலேயே முட்டும். அப்போது ஈ.பி. அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். அதற்குள் ஒரு கோடை முழுக்க மூன்று ஃபேஸின் அளவும் பெட்டியில் பதிவாகியிருக்கும், எத்தனை கிலோவாட் கேட்பது என்பதை அதைப் பார்த்தே எழுதலாம்.