சிவப்பு, ஆம்பர், பச்சை: ஸ்லைடு நிறங்களைச் சுருக்கத்தில் எழுதுவது எப்படி?

திட்டங்களின் முன்னேற்றத்தைக் காட்டும் ஸ்லைடுகளில் ஒவ்வொரு பணிக்கும் எதிரே சிவப்பு, ஆம்பர், பச்சை என ஒரு நிற வட்டம் இருக்கும். ஆம்பர் என்பது சாலை சிக்னலில் நடுவில் எரியும் செம்மஞ்சள். ஸ்லைடைச் சுருக்கி மின்னஞ்சலாகவோ கூட்டக் குறிப்பாகவோ எழுதும்போது, "மின் இணைப்பு ஆம்பர்" என்று மட்டும் எழுதினால் எவ்வளவு தாமதம், யார் என்ன செய்ய வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரியாது.

நிறத்தின் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிரிட்டன் அரசின் பெருந்திட்ட மதிப்பீட்டில் ஆம்பர் என்றால், திட்டம் வெற்றி பெற வாய்ப்புண்டு, ஆனால் கவனிக்க வேண்டிய பெரிய சிக்கல்கள் இருக்கின்றன என்று பொருள். வேறொரு நிறுவனத்தில் அதே நிறம் சில நாள் தாமதத்தை மட்டும் குறிக்கலாம். எனவே எழுதுபவர் முதலில் தேட வேண்டியது ஸ்லைடின் அடியில் உள்ள நிற விளக்கத்தை.

ஒரு மருத்துவமனைக் கட்டடத் திட்டத்தின் ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். பச்சை என்றால் தேதிப்படி நடக்கிறது. ஆம்பர் என்றால் 30 நாள் வரை தாமதம், திட்டக் குழுவே சரிசெய்துகொள்ளும். சிவப்பு என்றால் அதற்கு மேல் தாமதம், அல்லது மேலிடத்தின் முடிவு தேவை. இவை அதில் தரப்பட்டுள்ள விளக்கங்கள். கட்டுமானம் பச்சை. மின் இணைப்பு ஆம்பர். தேதி மார்ச் 10-லிருந்து 28-க்கு மாறியிருக்கிறது. ஸ்கேன் கருவிக் கொள்முதல் சிவப்பு, டெண்டர் ரத்தாகியிருக்கிறது.

சுருக்கம் இப்படி அமையலாம்: "ஸ்கேன் கருவி டெண்டர் ரத்தானதால் கொள்முதல் நின்றிருக்கிறது, மேலிடத்தின் முடிவு தேவைப்படலாம் (சிவப்பு). மின் இணைப்பு 18 நாள் தள்ளிப்போய் மார்ச் 28-க்கு மாறியிருக்கிறது. திட்டக் குழுவே சரிசெய்துகொள்ளும் அளவுக்குள் இருக்கிறது (ஆம்பர்). கட்டுமானம் தேதிப்படி நடக்கிறது (பச்சை)."

சிவப்பு முதலில் வருவது, முடிவெடுக்க வேண்டியவர் கண்ணில் அது உடனே படுவதற்காக. சிவப்பு தாமதத்தாலா, முடிவு தேவைப்படுவதாலா என்பதை ஸ்லைடு பிரித்துச் சொல்லாததால் "தேவைப்படலாம்" என்ற அளவில் நிறுத்தியிருக்கிறது. நிறத்தின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பதால் படிப்பவர் மூல ஸ்லைடோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் கறுப்பு வெள்ளை அச்சில் படிப்பவர்களும் எதையும் இழப்பதில்லை.

நிற விளக்கமே இல்லாத ஸ்லைடில் பொருளை ஊகித்து எழுதக் கூடாது. "ஆம்பர் எனக் குறிக்கப்பட்டுள்ளது, அளவுகோல் தரப்படவில்லை" என்று எழுதுவதே சரி. சாம்பல் நிறம் பெரும்பாலும் பணி தொடங்கவில்லை அல்லது மதிப்பிடப்படவில்லை என்பதைக் குறிக்கும். அதைச் சிக்கல் இல்லை என்று படித்துவிடக் கூடாது.

நிறமும் எண்ணும் முரண்படுவதும் உண்டு. வட்டம் பச்சையாக இருக்க, பக்கத்திலேயே தேதி 40 நாள் தள்ளிப்போயிருக்கும். அப்போது எழுதுபவர் நிறத்தைத் தாமே மாற்றாமல், "பச்சை எனக் குறிக்கப்பட்டிருந்தாலும் தேதி 40 நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்று இரண்டையும் தந்து, ஸ்லைடைத் தயாரித்தவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.