எண்ணெய்த் தரையும் செருப்பின் பள்ளமும்

அசோக் நகரில் நான் சாப்பிடும் மெஸ்ஸில் போண்டா போடும் மாஸ்டர் போன மாசம் வழுக்கி விழுந்தார். வாணலிக்கு ஒரு அடி தள்ளி விழுந்ததால் தப்பித்தார். காலில் அடி தேய்ந்த ஹவாய் செருப்பு.

ஏன் வழுக்குது? குதிகால் தரையில் படும் அந்தக் கணத்தில், நடுவில் இருக்கும் எண்ணெய் வெளியே போயாகணும். போக வழியில்லைன்னா செருப்பு தரையைத் தொடுவதே இல்லை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்குது. மழைத்தண்ணியில் மொட்டை டயர் மாதிரி. கிச்சன் ஷூவின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களும், ஓரம் வரை திறந்த பள்ளங்களும் இருப்பது அந்த வழிக்காகத்தான்.

பழைய ஐரோப்பியத் தரத்தில் ‘எஸ்ஆர்சி’ குறி இருந்தால், சோப்புத் தண்ணி விட்ட டைல்ஸிலும் கிளிசரின் பூசிய எஃகுத் தகட்டிலும் தேறியது என்று அர்த்தம். 2022 திருத்தத்துக்குப் பிறகு ‘எஸ்ஆர்’. அதில் கிளிசரின் சோதனையும் டைல்ஸ் மேல்தான்.

மாஸ்டருக்கு முதலாளி ‘கிளாக்’ வகை வாங்கிக் கொடுத்தார். மேலே ஓட்டை கிடையாது, லேஸும் இல்லை. சூடான எண்ணெய் உள்ளே போனால் ஒரே உதறலில் கழற்றிடலாம். ஆனால் அவசர நடையில் தானாகக் கழலாமலிருக்க பின்பட்டை வேணும்.

இரண்டு வாரம் கழித்து, “திரும்ப வழுக்குது சார்” என்றார். திருப்பிப் பார்த்தேன். பள்ளம் முழுக்க எண்ணெயில் ஊறிய கடலை மாவு! ஆய்வகத்தில் தேறியது சுத்தமான அடிப்பாகம்; இது அது இல்லை. இப்போ தினமும் ராத்திரி வெந்நீர், சோப்பு, பிரஷ். அப்படித் தேய்த்த பிறகும் விரலுக்குப் பள்ளம் தட்டுப்படலைன்னா, புதுசு வாங்கணும்.