மூன்றாவது பிளவு திறக்கும்போது

மிக நெருக்கமான இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே லேசர் ஒளியை அனுப்பினால் திரையில் வெளிச்சப் பட்டையும் இருள் பட்டையும் மாறி மாறி விழும். பள்ளிப் பாடத்தில் வரும் யங்கின் ஆய்வு இது. இப்போது அதே இடைவெளியில் மூன்றாவதாக ஒரு பிளவையும் திறப்போம். வெளிச்சப் பட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் முன்பைவிடப் பிரகாசமாகவும் ஒல்லியாகவும் ஆகிவிடும். முன்பு இருள் மட்டுமே இருந்த இடத்தின் நட்டநடுவில் மங்கலாக ஒரு புதிய பட்டையும் எட்டிப் பார்க்கும். அது எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண இயற்பியலார் அம்பு வரைகிறார்கள். ஒரு பிளவிலிருந்து வரும் அலைக்கு ஓர் அம்பு. எல்லா அம்புகளும் ஒரே நீளம். திரையில் ஒரு புள்ளியைப் பார்த்தால், அடுத்தடுத்த பிளவுகளிலிருந்து அங்கே வரும் ஒளி ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுக் கூடுதல் தூரம் வந்திருக்கும். அதனால் அலையின் கட்டம் மாறும். அந்த மாற்றத்தின் அளவுக்கு ஒவ்வோர் அம்பையும் முந்தையதிலிருந்து திருப்பி, ஒன்றின் நுனியில் அடுத்ததை வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவு திரும்பி நடப்பதைப் போல. புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் அந்தப் புள்ளியில் அலையின் வீச்சு. அதன் இருமடி வெளிச்சத்தின் செறிவு.

மூன்று அம்புகளை எடுத்துக்கொள்வோம். திருப்பமே இல்லையென்றால், அல்லது ஒவ்வொன்றும் முழுச் சுற்றாக 360 டிகிரி திரும்பினால், மூன்றும் நேர்கோட்டில் நிற்கும். வீச்சு 3, செறிவு 9. இதுதான் முதன்மைப் பெருமம். திருப்பம் 120 டிகிரி ஆனால் முக்கோணம் மூடிக்கொள்ளும். நடந்தவர் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார், அங்கே முழு இருள். 180 டிகிரியில் இரண்டாவது அம்பு முதலாவதைத் தின்றுவிடும், மூன்றாவது மட்டும் தனியே மிஞ்சும். வீச்சு 1, செறிவு 1. முதன்மைப் பட்டையில் ஒன்பதில் ஒரு பங்கான இந்த வெளிச்சம்தான் நாம் பார்த்த மங்கல் பட்டை. இதைத் துணைப் பெருமம் என்பார்கள். 240 டிகிரியில் மறுபடியும் முக்கோணம், மறுபடியும் இருள்.

நான்கு பிளவுகள் என்றால் 90 டிகிரியில் சதுரம் மூடும். 180, 270 டிகிரிகளிலும் இருள்தான். மூன்று இருள்களுக்கு இடையே இரண்டு துணைப் பெருமங்கள். சுமார் 132 டிகிரியில் வீச்சு 1.09 ஆகிறது. செறிவோ முதன்மைப் பெருமத்தில் ஏறக்குறைய 7 சதவீதம்தான். பிளவுகள் N என்றால் இரு முதன்மைப் பெருமங்களுக்கு நடுவே N−1 இருள்களும் N−2 துணைப் பெருமங்களும் இருக்கும். N மிகப் பெரிதானால், முதன்மைப் பெருமத்தை ஒட்டியிருக்கும் துணைப் பெருமமே 5 சதவீதத்தைத் தொடாது. தள்ளிப் போகப் போக இன்னும் மங்கிவிடும்.

முதன்மைப் பட்டை ஒல்லியாவதன் காரணமும் இதே படத்தில் இருக்கிறது. இரண்டு அம்புகள் ஒன்றையொன்று அழிக்க 180 டிகிரி திரும்ப வேண்டும். ஆயிரம் அம்புகளுக்கு ஒவ்வொன்றும் 0.36 டிகிரி திரும்பினாலே போதும். ஆயிரம் பக்கங்கள் கொண்ட பலகோணம் மூடிக்கொள்ளும். ஆகவே பெருமத்தைவிட்டு இம்மி விலகினாலே இருள் வந்துவிடுகிறது. உச்சியில் செறிவு N² மடங்கு ஏறுகிறது, பட்டையின் அகலமோ N-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மொத்தத்தில் ஒளி N மடங்குதான். எந்த ஆற்றலும் புதிதாக முளைக்கவில்லை.

இதன் பயனைக் கல்லூரி ஆய்வகத்தின் சோடியம் விளக்கில் பார்க்கலாம். அதன் மஞ்சள் ஒளி உண்மையில் 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரண்டு நிறங்கள். 589.6-க்கு முதல் வரிசைப் பெருமம் விழும் இடத்தில் அதன் அம்புகள் எல்லாம் நேர்கோட்டில் நிற்கும். அதே இடத்தில் 589.0-இன் அம்புகள் ஒவ்வொன்றும் சுமார் 0.37 டிகிரி கூடுதலாகத் திரும்பியிருக்கும். ஏறக்குறைய ஆயிரமாவது அம்பில் அவை சுற்றி மூடிவிடும். ஒன்றின் உச்சியில் மற்றது இருள், எனவே இரண்டும் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். அங்குலத்துக்கு 15,000 கோடுகள் கொண்ட கீற்றணியில் ஆயிரம் கோடு என்பது 1.7 மில்லிமீட்டர்தான். முதல் வரிசை சுமார் 20 டிகிரியில் விழும், இரு கோடுகளுக்கும் இடைவெளி ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். நிறமாலைமானியின் நுழைவுப் பிளவை அகலமாகத் திறந்து வைத்திருந்தால் கீற்றணி பிரித்த இரண்டும் மறுபடி ஒன்றாகக் குழம்பிவிடும். ஒரே தடித்த கோடு தெரிந்தால் முதலில் திருக வேண்டியது அந்த நுழைவுப் பிளவின் திருகைத்தான்.

இவ்வளவும் இடைவெளிகள் ஒரே அளவாக இருந்தால்தான். 1880-களில் ஹென்றி ரோலண்ட் அமெரிக்காவின் பால்டிமோரில் கீற்றணி வரையும் இயந்திரம் செய்தபோது பெரும் உழைப்பு அதன் திருகாணிக்கே போனது. திருகாணி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சிறிது பிசகினால், கோடுகளின் இடைவெளியிலும் அந்தப் பிசகு திரும்பத் திரும்ப வரும். அப்போது உண்மைக் கோட்டின் இருபுறமும் போலிக் கோடுகள் தோன்றும். 'ரோலண்ட் பேய்கள்' என்று அவற்றுக்குப் பெயர். துணைப் பெருமங்களிலிருந்து அவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கீற்றணியில் பாதியை மறைத்தால் N பாதியாகும். முதன்மைக் கோடு இருமடங்கு அகலமாகும், துணைப் பெருமங்களும் விலகிப் போகும். பேய்கள் மட்டும் இடம் மாறாது, ஏனென்றால் அவற்றின் இடத்தைத் தீர்மானிப்பது எத்தனை பிளவுகள் என்பதல்ல, திருகாணியின் ஒரு சுற்றுக்கு எத்தனை கோடுகள் என்பதே.