இன்டர்வியூ முடிந்த மறுநாள் எழுத வேண்டிய கடிதம்

“நீங்க இருந்தது வேற லைன், இது வேற லைனாச்சே?” வேலை மாறப் போகிறவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இதற்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இன்டர்வியூவில் திணறுவதாவது பரவாயில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் “எந்த வேலையா இருந்தாலும் கத்துக்கிறேன் சார், ஒரு சான்ஸ் குடுங்க” என்று அனுப்புகிறார்கள் பாருங்கள், அதில்தான் காரியம் கெடுகிறது. கேட்டவருக்கு இருந்தது ஒரு சந்தேகம். அதற்கு இவர் கெஞ்சலை அனுப்பி, சந்தேகத்தை உறுதிப்படுத்திவிட்டார்.

ஒருவருடைய கதையை, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். சிங்கம்புணரிப் பக்கம் ஒரு தென்னைநார் மில்லில் ஐந்து வருடம் லோடிங் சூப்பர்வைசர். கோகோபீட் கட்டிகளை லாட் வாரியாகப் பிரித்து, ஈரமும் உப்பும் பார்த்து, கண்டெய்னரில் ஏற்றி அனுப்பும் வேலை. மதுரையில் மொத்த மருந்து விற்பனைக் கிடங்கு ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு விண்ணப்பித்தார். “நார் மில்லுல இருந்துட்டு மருந்துக்கு எப்படி வருவீங்க?” என்று கேட்டுவிட்டார்கள். அந்த நார் மில்லில் தினமும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனிப் பெயரைப் பார்த்தே ஆளை எடைபோடும் இந்தப் பழக்கத்துக்கு நாம் செய்யக்கூடியது, அவர்கள் கேட்காமல் விட்டதை எழுத்தில் கொடுப்பதுதான்.

மறுநாளே எழுத வேண்டும். இன்டர்வியூவுக்கு அழைத்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினால், யார், எந்த வேலைக்கு என்று அவர்கள் தேட வேண்டியிருக்காது. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அவருக்கு எழுதிக்கொடுத்த கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

“நார் மில் அனுபவம் மருந்துக் கிடங்குக்குப் பொருந்துமா என்று நேற்று கேட்டீர்கள். நான் செய்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சரக்கில் சில கட்டிகளில் உப்பு அதிகம் என்று வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. லாட் எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பார்த்து, அவை ஒரே நாளில் கழுவிய சரக்கு என்று கண்டுபிடித்தேன். அந்த லாட்டில் மீதி இருந்ததை ஏற்றாமல் தனியே ஒதுக்கி, எழுதி ஒட்டி வைத்தேன். உங்கள் கிடங்கில் ஒரு பேட்ச் மருந்தைத் திரும்பப் பெறச் சொன்னால் செய்ய வேண்டியதும் இதே வேலை என்று நினைக்கிறேன். காலாவதித் தேதிப்படி சரக்கை வெளியே எடுக்கும் முறையிலும், குளிர்பதனத்தில் வைக்கும் மருந்துகளைக் கையாள்வதிலும் எனக்கு அனுபவம் இல்லை. உங்கள் மென்பொருளில் ஒரு நாள் பில் போட்டுக் காட்டச் சொன்னால் வந்து செய்கிறேன்.”

இதில் ‘கடின உழைப்பாளி’ இல்லை, ‘குழுவாகச் செயல்படுவேன்’ இல்லை. அவர்கள் கேட்ட சந்தேகம் முதல் வரியிலேயே இருக்கிறது. பிறகு நடந்த ஒரு சம்பவம், அதில் இவர் கை பட்ட இடம், அது அவர்கள் கிடங்கில் எதற்குச் சமம் என்ற கணக்கு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பேட்ச் தரமற்றது என்று சொன்னால், அந்தப் பேட்ச் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போனது என்று மொத்த வியாபாரி தேடி எடுத்தாக வேண்டும். அந்த வேலையில் கஷ்டப்பட்ட மேனேஜர் இந்தக் கடிதத்தைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்.

தெரியாததையும் ஏன் எழுத வேண்டும் என்று பலர் சண்டைக்கு வருகிறார்கள். குளிர்பதன மருந்துகளில் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அதெல்லாம் தெரியும் என்று எழுதிவிட்டு, முதல் வாரமே பெட்டியை வெளியே வைத்துவிட்டு நின்றால் என்ன ஆகும்? இல்லாததை இல்லை என்று எழுதியிருந்தால்தான் இருப்பதாக எழுதியதை நம்புவார்கள்.

கடிதத்தால் ஆகாத இடமும் உண்டு. மொத்த மருந்து விற்பனை உரிமத்துக்குப் பொறுப்பாளராகக் காட்டப்படுபவருக்கு 1945-ம் ஆண்டு மருந்து விதிகள் தகுதி வைத்திருக்கின்றன. பதிவுபெற்ற பார்மசிஸ்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டமும் மருந்துத் துறையில் ஓராண்டு அனுபவமும், அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருந்து விற்பனையில் நான்காண்டு அனுபவமும் வேண்டும். நார் மில் அனுபவத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் இங்கே செல்லாது. சரக்கு ஏற்றி அனுப்பும் வேலைக்கு இந்த விதி இல்லை. எந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆதாரம் காட்டுகிறேன் என்று பழைய கம்பெனியின் பில், வாங்குபவர் பெயர், விலைப் பட்டியல் எதையும் இணைக்காதீர்கள். அவை உங்கள் சொத்து அல்ல. அவர்கள் ரகசியத்தை இங்கே கொண்டுவந்தவர், நாளை நம் ரகசியத்தை எங்கே கொண்டுபோவார் என்றுதான் புதிய முதலாளி யோசிப்பார்.

இனி ஆவணம். பழைய முதலாளி அனுபவச் சான்று தர இழுத்தடிக்கிறார் என்று நொந்துபோய், காசு கொடுத்துப் போலிச் சான்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். போலி ஆவணத்தை உண்மையென்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். கம்பெனிகள் பி.எஃப். பதிவையும் சான்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அன்றைக்கே சாயம் வெளுத்துவிடும்.

பி.எஃப். பிடித்திருந்தால், உங்கள் யு.ஏ.என். எண்ணில் உறுப்பினர் தளத்துக்குள் போய் View என்பதில் Service History-யைத் திறந்து பாருங்கள். எந்த நிறுவனம், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரும். கடிதத்திலும் ரெஸ்யூமேயிலும் இதே தேதிகள் இருக்க வேண்டும். விலகிய தேதி காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் பழைய இடத்தில் வேலை பார்ப்பதாகப் பொருள்படும். முதலாளி போடவில்லையென்றால் நீங்களே போடலாம். கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்த பிறகு, Manage என்பதில் Mark Exit போய், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சந்தா கட்டிய மாதத்துக்குள் இருக்கும் ஒரு தேதியைத்தான் போட முடியும். ஒருமுறை போட்டால் அங்கே திருத்த வழியில்லை. பார்த்துப் போடுங்கள்.

பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் யு.ஏ.என்.னையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். அவருடைய மொபைல் எண்ணை உங்கள் கணக்கில் ஏற்றிவிட்டு, பிறகு ஓ.டி.பி.க்காக அவர் வாசலில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் எண், உங்கள் கையில் இருக்கும் போன்தான் இருக்க வேண்டும்.

பெயரோ தேதியோ தவறாக இருந்து தளத்தில் சரிசெய்ய முடியாவிட்டால், மதுரை லேடி டோக் கல்லூரிச் சாலையிலுள்ள பி.எஃப். மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டியதுதான். ஆதார், வங்கிப் பாஸ்புக், இருந்தால் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றிலும் நகல் எடுத்துப் போங்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று வாயால் சொல்வதை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. பி.எஃப். நிறுவனம் மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்டங்களில் குறைகேட்பு முகாமும் நடத்துகிறது. மேலூர், கொட்டாம்பட்டிக்காரர்கள் எங்கே நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

சின்ன மில்லில் பி.எஃப். பிடிக்கவே இல்லை என்றால், சம்பளம் வந்த மாதங்களின் வங்கிப் பதிவே சாட்சி. கையில் ரொக்கமாக வாங்கியவர்கள், முதலாளியிடம் வேலையின் பெயரும் சேர்ந்த, விலகிய மாதமும் போட்டு ஒரு லெட்டர்ஹெட் கடிதமாவது வாங்குங்கள். மில்லை மூடிய பிறகு அதைக் கொடுக்க ஆள் இருக்காது.